பிரியாவிடை உரையில் சேர்க்காத பெயர்

நர்ஸ் வேலைக்குப் படிக்கிறவர்களுக்குக் கைக்குத்தான் நூறு விதப் பயிற்சி. வாய்க்கு "எஸ் மேடம்" என்ற ஒன்றே போதும் என்று விட்டுவிடுவார்கள். அப்படி நாலு வருஷம் வாயை மூடி வளர்த்துவிட்டு, படிப்பு முடிகிற நேரத்தில் எங்களில் ஒருத்தியை மேடையேற்றி மைக்கைக் கையில் கொடுத்து, பேசு என்பார்கள். வெள்ளை உடுப்பில் வார்டு வார்டாக நின்று கால் வீங்கிய என் சகோதரிகளுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

யார் பேசுவது

எங்கள் காலேஜ் நல்லம்பள்ளி தாண்டி, பைபாஸ் ஓரத்தில் இருந்தது. பிரியாவிடை விழாவை நடத்துவது மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகள். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமை விருந்தினர் பேச்சு, பிரின்சிபால் பேச்சு, அதன் பிறகு வெளியே போகிற வகுப்பின் சார்பில் ஒரு மாணவியின் பிரியாவிடை உரை. அது முடிந்தால் டான்ஸ், நினைவுப் பரிசு, நன்றியுரை, பிரியாணி. இதில் அந்த மாணவி யார் என்பதுதான் சிக்கல். முதல் மார்க் வாங்குகிறவளுக்கு மைக்கைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நன்றாகப் பேசுகிறவளுக்கு இங்கிலீஷ் வராது. முதல் பாதி இங்கிலீஷில், பின் பாதி தமிழில் என்பது எழுதாத சட்டம். வந்திருக்கும் விருந்தினருக்கு இங்கிலீஷ், பெற்றோருக்குத் தமிழ்.

எங்கள் வகுப்புப் பொறுப்பாளர் ஸ்டெல்லா மேடம் என்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். நான் சுமாராகப் படிக்கிறவள். கடத்தூர்க்காரி, இங்கிலீஷும் ஏதோ ஓட்டிவிடுவேன். ஆனால் எனக்கு முன்னால் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். ஏன் மேடம் நான் என்று கேட்டேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "மத்தவளுங்க எல்லாம் பாதியில அழுதுருவாளுங்க சித்ரா. நீ அழ மாட்ட. மாதேஸ்வரி போனப்பவே நீ அழலையே."

பொம்மையிடம் பேசியவள்

மாதேஸ்வரி யாரென்று சொல்லிவிடுகிறேன். சித்தேரி மலைக்காரப் பெண். ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில். ஊருக்குப் போவதென்றால் தருமபுரி போய், அரூர் பஸ் பிடித்து, மலை பஸ்ஸுக்குக் காத்திருந்து, இறங்கியபின் நடக்கவும் வேண்டும் என்பதால் சின்ன லீவுகளுக்கு அவள் போகவே மாட்டாள். படிப்பு முடிந்ததும் மலை மேலேயே அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை வாங்கவேண்டும் என்பது அவள் கணக்கு. வேறு எந்த ஊரும் அவளுக்கு வேண்டாம்.

முதல் வருஷம், ஊசி போடப் பழகுகிற அறையில் ஒரு ரப்பர் பொம்மை படுத்திருக்கும். நாங்கள் வரிசையில் வந்து குத்திவிட்டு நகர்வோம். மாதேஸ்வரி மட்டும் அதன் தோளைத் தொட்டு, "ஊசி போடறேங்க, கொஞ்சம் வலிக்கும், கைய தளர்வா வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போடுவாள். வகுப்பே சிரித்தது. சொல்லிக்கொடுத்த மேடமும் சிரித்துவிட்டு, பொம்மைக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று கேட்டார். அவள் வெட்கப்படவில்லை. "பழகிக்கிறேங்க மேடம். எங்க ஊர்ல சொல்லாம தொட்டா எந்திரிச்சு வூட்டுக்குப் போயிருவாங்க" என்றாள்.

கை சில்லிட்டது

மூன்றாம் வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மழை முடிந்த காலம். எங்கள் படிப்பில் வகுப்புக்குக் கொஞ்சம் மட்டம் போட்டாலும் பரீட்சை எழுதலாம். வார்டு வேலை அப்படியில்லை. ஒரு மணி நேரம் குறைந்தாலும் பிறகு ஈடுகட்டினால்தான் பட்டம். எங்கள் காலேஜில் அதற்கும் மேலே ஒரு பழக்கம்: ஒரு நாள் விட்டால் லீவில் இரண்டு நாள் பார்க்கவேண்டும். அதனால் காய்ச்சலோடு வார்டுக்குப் போவது எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை. ஹாஸ்டல் வார்டன் காய்ச்சல் மாத்திரையும் உடம்பு வலிக்கு இன்னொரு மாத்திரையும் கொடுத்தார். ரத்தப் பரிசோதனைக்கு வெளியே கூட்டிப் போகிறேன் என்று நான் கேட்டதற்கு, பிரின்சிபால் கையெழுத்து வேண்டும் என்றார். பிரின்சிபால் ஊரில் இல்லை. நாலாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது. மாதேஸ்வரிக்கு வயிறு வலித்தது, இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மறுபடியும் போய்க் கேட்டேன். வார்டன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, சும்மா கிடந்தால் இன்னும் சோம்பல்தான் வரும் என்று வார்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறச் சொன்னார்.

டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் மோசமான நேரம். ரத்தத்தில் இருக்கிற நீர் குழாயைவிட்டு வெளியே கசிய ஆரம்பிப்பது அப்போதுதான். பாடத்தில் படித்திருந்தோம், பரீட்சையிலும் எழுதியிருந்தோம். அன்று பெண்கள் வார்டில் மாதேஸ்வரி நாடி பார்க்க ஒரு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். சர்க்கரைப் புண்ணுக்காகச் சேர்ந்திருந்த அம்மா, பாலக்கோடு பக்கம். அவர் கையை உதறி எடுத்துவிட்டு, எதிர்க் கட்டிலில் நின்ற என்னைக் கூப்பிட்டார்: "இந்தப் பொண்ணு கை என்னா இப்பிடி சில்லுன்னு ஐஸாட்டம் இருக்குது? என்னெ அப்பறம் பாக்கலாம், மொதல்ல இவளெப் படுக்க வைங்க."

பெட்டி எடுக்க வந்தவர்

அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலிலேயே அவளைப் படுக்கவைத்தோம். ரத்த அழுத்தம் பார்க்கக் கருவியைக் கட்டினேன். மேல் எண்ணும் கீழ் எண்ணும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு இருந்தன, உயிருக்கு ஆபத்து என்று அர்த்தம். டாக்டர்கள் ஓடி வந்தார்கள், செய்யவேண்டியதெல்லாம் செய்தார்கள். ஐ.சி.யூவுக்கு மாற்றி, அங்கிருந்து சேலத்துக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவள் என்னிடம் கேட்டது, அன்றைய டூட்டி கணக்கில் சேருமா என்று. சேரும் என்று சொன்னேன். மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

காலேஜில் ஒரு நாள் லீவு விட்டார்கள். பிரார்த்தனைக் கூட்டத்தில் மௌனமாக நின்றோம். ஊருக்குப் போன இடத்தில் வாங்கி வந்த காய்ச்சல் என்று பிரின்சிபால் பேசினார். அவள் அந்த மாதம் ஊருக்கே போகவில்லை என்பது நின்றுகொண்டிருந்த எல்லோருக்கும் தெரியும். அவளுடைய அப்பா பெட்டியை எடுத்துப் போக வந்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். ஹாஸ்டல் வராந்தாவில் வெள்ளை உடுப்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். யார் மேலும் கோபப்படவில்லை. பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் போனேன். அங்கே வைத்துத்தான் கேட்டார், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி: "இத்தினி நர்சுங்க இருக்கற எடத்துல, எம் பொண்ணுக்குக் காச்சல் பாக்க ஒரு ஆளு இல்லியா கண்ணு?"

சிவப்புப் பேனா

பிரியாவிடை உரையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கென்று ஒரு வார்ப்பு உண்டு. முதலில் விளிப்பு. தலைமை விருந்தினர், கரஸ்பாண்டன்ட், பிரின்சிபால், வைஸ் பிரின்சிபால், ஆசிரியர்கள், பெற்றோர், கடைசியில் தோழிகள். வரிசை மாறினால் விழாவே கெட்டுவிடும். அடுத்து, நான்கு வருஷம் நான்கு நிமிஷமாகப் போய்விட்டது என்று ஒரு வரி. முதல் வருஷம் கையில் விளக்கேந்தி உறுதிமொழி எடுத்த நாள். முதல் ஊசி, முதல் பிரசவம், அதைப் பார்த்து மயங்கி விழுந்தவள் யார் என்று ஒரு சிரிப்பு. நிர்வாகம் செய்துகொடுத்த வசதிகளுக்கு நன்றி. ஒவ்வொரு மேடம் பெயரையும் சொல்லி ஒரு நல்ல வார்த்தை. தெரிந்தோ தெரியாமலோ செய்த தவறுகளுக்கு மன்னிப்பு. ஜூனியர்களுக்கு அறிவுரை. முடிவில் மறுபடியும் நன்றி.

இதெல்லாம் எழுதி, விளக்கேந்திய நாளுக்கும் நன்றிக்கும் நடுவில் மாதேஸ்வரியைப் பற்றி ஒரு பத்தி வைத்திருந்தேன். யாரையும் குறை சொல்லவில்லை. எங்களோடு விளக்கேந்தியவள், எங்களோடு பட்டம் வாங்க இன்று இங்கே இல்லை, அவ்வளவுதான். ஸ்டெல்லா மேடம் விளிப்பில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார், நன்றியில் விட்டுப்போன லைப்ரரியன் பெயரைச் சேர்த்தார், பிறகு அந்தப் பத்தியைக் குறுக்கே அடித்தார். சந்தோஷமான நாளில் இது எதற்கு என்றார். மறுநாள் பிரின்சிபால் மேடமே கூப்பிட்டார். அந்தத் தாளைப் படித்துக்கொண்டே, ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறதாமே என்று விசாரித்தார். ஆமாம் மேடம், நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து நம்பர் வந்ததும் சேரச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். சந்தோஷம் என்று சொல்லித் தாளை மடித்துக் கொடுத்தார். "பதிவு பண்றதுக்கு வேண்டிய சர்டிபிகேட் எல்லாம் இன்னும் நம்ம ஆபீஸ்லதான் இருக்குதும்மா. எழுதினதை எழுதின மாதிரியே படிச்சிரு."

நடுவில் நிற்பவள்

முந்தின நாள் ஒத்திகை. விருந்தினர் வருவதாக நினைத்துக்கொண்டு வெறும் நாற்காலிகளுக்கு வணக்கம் வைத்தோம். நான் மைக்கில் என் உரையைப் படித்தேன், ஸ்டெல்லா மேடம் வாட்சைப் பார்த்துக்கொண்டு சரியாக இருக்கிறது என்றார். உரை முடிந்ததும் திரையில் எங்கள் வகுப்பின் போட்டோக்கள் ஓடவேண்டும். அதற்குப் பொறுப்பு கனிமொழி என்கிற மூன்றாம் வருஷத்துப் பெண். மேடைக்குக் கீழே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவள் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். திரையில் விளக்கேந்திய நாளின் குரூப் போட்டோ. எங்கள் வகுப்பு முழுக்க இருக்கிற நல்ல போட்டோ அது ஒன்றுதான். குள்ளமானவர்களை முன்வரிசைக்கு நடுவில் நிற்கவைத்ததால் மாதேஸ்வரி சரியாக மையத்தில் விளக்கோடு நிற்கிறாள். கனிமொழி குரலைத் தாழ்த்தினாள்: "இந்த அக்காவ மட்டும் கட் பண்ணச் சொன்னாங்கக்கா. ஓரத்துல இருந்தா பண்ணிருவேன். நடுவுல நிக்கிறாங்களே, எப்பிடிக் கட் பண்றது?"

ஒப்படைப்பு

விழா நாள். கரஸ்பாண்டன்ட் சார் விளக்கேற்றினார். பெற்றோர் வரிசையில் என் அம்மா தோட்டத்து மல்லியைத் தலை நிறைய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் பெயரைக் கூப்பிட்டதும் தாளோடு போனேன். விளிப்பு வரிசை மாறாமல் வந்தது. மயங்கி விழுந்தவள் பெயருக்கு எல்லோரும் சிரித்தார்கள். நன்றி சொன்னேன், லைப்ரரியனுக்கும் சேர்த்து. மன்னிப்புக் கேட்டேன். ஜூனியர்களுக்கு அறிவுரை என்ற இடம் வந்தது. தாளில், கடின உழைப்பே வெற்றி என்று இருந்தது. எதிரே முதல் வருஷத்துப் பிள்ளைகள் புது உடுப்பில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். தாளை மைக் வைத்திருந்த மேஜையின் மேல் வைத்துவிட்டேன்.

"டூட்டி முடிஞ்சு போறவங்க அடுத்த ஷிஃப்டுக்கு ஒப்படைக்காம போகக்கூடாதுன்னு இங்கதான் சொல்லிக்கொடுத்தாங்க" என்று ஆரம்பித்தேன். "இன்னைக்கு எங்க டூட்டி முடியுது. ஒரே ஒரு பேஷன்ட்டை உங்ககிட்ட ஒப்படைச்சுட்டுப் போறேன். பேரு மாதேஸ்வரி. வயசு இருபது. ஊரு சித்தேரி. நர்சிங் மூணாம் வருஷம், இந்த ஹாஸ்டல்தான். மூணு நாள் காய்ச்சல். நாலாம் நாள் காய்ச்சல் விட்டுருச்சு. விட்டப்புறம் வயித்து வலி, வாந்தி, கை கால் சில்லுன்னு ஆகிருச்சு. ரத்தம் சோதிக்கலை. டூட்டிக்கு வந்தாங்க. அதுக்கு மூணாம் நாள் இறந்துட்டாங்க. அடுத்த ஷிஃப்ட் கவனிக்க வேண்டியது: காய்ச்சல் இருந்தா டெஸ்ட் எடுக்காம விடாதீங்க. உடம்பு வலின்னு கண்ட மாத்திரை போடாதீங்க, டெங்குவா இருந்தா ரத்தக் கசிவு ஆகும். காய்ச்சல் விட்டுருச்சுன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க, அப்பத்தான் பக்கத்துலயே இருக்கணும். டூட்டிய அப்பறம் ஈடு பண்ணிக்கலாம். ஒப்படைச்சுட்டேன். வாங்கிக்குங்க." ஸ்டெல்லா மேடம் சொன்னது சரிதான். நான் அழவில்லை.

கை தட்டல் இல்லை. கரஸ்பாண்டன்ட் சார் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். பிரின்சிபால் மேடம் நேரே பார்த்தபடி சிரித்த முகத்தை அப்படியே வைத்திருந்தார். முதல் வருஷத்துப் பிள்ளைகளில் ஒருத்தி எழுந்து நின்றாள். அவளைப் பார்த்து அந்த வரிசை முழுக்க எழுந்தது. வார்டில் ஒப்படைப்பு வாங்கும்போது நிற்பார்களே, அந்த மாதிரி. நிகழ்ச்சியைத் தொகுத்த பெண் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அட்டையில் இருந்ததை அப்படியே படித்தாள்: "இனிமையான நினைவுகளைப் பகிர்ந்துகொண்ட அக்காவுக்கு நன்றி, அடுத்து நம்மை ஆட்டம்போட வைக்க வருகிறார்கள் இரண்டாமாண்டு மாணவிகள்."

பஸ்ஸில்

போட்டோ எதுவும் ஓடவில்லை. புரொஜெக்டர் பழுது என்றார்கள். நினைவுப் பரிசு என் முறை வந்தபோது கரஸ்பாண்டன்ட் சார் போன் பேச வெளியே போயிருந்தார், அதனால் ஸ்டெல்லா மேடம் கொடுத்தார். கொடுக்கும்போது என் கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை. பிரியாணிக்கு நிற்காமல் அம்மாவோடு கிளம்பிவிட்டேன்.

கடத்தூர் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தார். மாதேஸ்வரி எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்திருக்கிறாள், அம்மா அவளுக்குத் தலை வாரிவிட்டிருக்கிறார். ஊர் நெருங்குகிற நேரத்தில் தலையிலிருந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நீ பேசுனது சரிதான். சர்டிபிகேட்ட வாங்கிக்கிட்டு அப்பறமாப் பேசியிருக்கலாமில்ல?"

கையெழுத்து

அம்மா பயந்தது நடந்தது. கூடப் படித்தவர்கள் எல்லோரும் சர்டிபிகேட் வாங்கிப் போய்ப் பதிவு செய்துவிட்டார்கள். நான் போனால் ஆபீஸ் சார் இல்லை, ஆபீஸ் சார் இருந்தால் சாவி இல்லை, சாவி இருந்தால் பிரின்சிபால் கையெழுத்து இல்லை. ஓசூர் ஆஸ்பத்திரி எனக்காகக் கொஞ்ச காலம் காத்திருந்துவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டது. அப்பாவோடு தக்காளித் தோட்டத்தில் நின்றேன். மழை தொடங்கி, தோட்டத்தில் வேலையில்லாமல் போன சமயத்தில் ஒரு நாள் காலேஜிலிருந்து வரச் சொன்னார்கள். எல்லாச் சர்டிபிகேட்டும் ஒரு உறையில் தயாராக இருந்தது. யார் சொல்லித் தயாரானது என்று யாரும் சொல்லவில்லை. வாங்கினதாகக் கையெழுத்துப் போட்டேன். ஆபீஸ் சார் நல்லவர். உறையை நீட்டிக்கொண்டே குரலை இறக்கிச் சொன்னார்: "இனிமே பிரியாவிடைல பசங்க பேச்சே கிடையாதாம்மா. நேரா டான்ஸ்தானாம்."

காய்ச்சல் விட்ட பிறகு

இப்போது தருமபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். போன மழைக்குப் பிறகு ஒரு மத்தியானம் கனிமொழி போன் செய்தாள். இன்னும் படித்துக்கொண்டுதான் இருந்தாள், கடைசி வருஷம். பின்னால் ஆட்டோ சத்தம். ஹாஸ்டலில் முதல் வருஷத்துப் பெண் ஒருத்திக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அன்று காலையில் விட்டுவிட்டதாம். வார்டன் டூட்டிக்குப் போகச் சொல்லியிருக்கிறார். இவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாட்ச்மேனிடம் கேட்டைத் திறக்கவைத்து அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். கையெழுத்து யாரிடமும் வாங்கவில்லை. பின்விளைவு இருக்கும் என்று பிரின்சிபால் போனில் சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டி வந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே கையைத் தொட்டுப் பார்த்தேன், சில்லிட்டிருந்தது. சலைன் ஏற்றினோம், மணிக்கு மணி ரத்தம் பார்த்தோம். அந்தப் பெண் பிழைத்து ஐந்தாம் நாள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனாள். வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த நாள் டூட்டியைக் கணக்கிலிருந்து வெட்டிவிட்டார்கள். அட்மிஷன் போடும்போது எங்கள் டாக்டர், காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, எதை வைத்து அவசரமாகக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். கனிமொழி என்னைக் காட்டவில்லை, என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. "விட்டுருச்சுன்னுதான் கொண்டாந்தோம் டாக்டர்" என்றாள்.

இப்படியாக, என் பிரியாவிடை உரைக்குக் கைதட்டல் மட்டும்தான் கிடைக்கவில்லை, எழுதின மாதிரியே படித்திருந்தால் அது மட்டும்தான் கிடைத்திருக்கும்.